சும்மா வந்த கைப்பேசிக்கு 960 வெள்ளி

சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் என் கணக்கு அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்றால் இரண்டு மேசை, ஒரு பழைய பிரிண்டர், சுவர் முழுக்கக் கோப்புகள். சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் தொழில். ஆனால் தோட்டப்புறத்தில் ஒருவருக்குக் கணக்குத் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் போதும், யாருக்கு எந்தத் தாள் புரியாவிட்டாலும் அது அவர் மேசைக்கு வந்துவிடும். போன மாதம் ஒரு தம்பி, பசியாறிவிட்டு நேராக மாடியேறி வந்து, கைப்பேசி பில் ஒன்றை என் முன்னால் வைத்தான்.

தோட்டத்துக்குள் வீடு. பத்து மாதத்துக்கு முன் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மாதம் 100 வெள்ளி, கைப்பேசி சும்மா. வீட்டில் லைன் கிடைப்பதில்லை. பேச வேண்டுமென்றால் செம்பனைக் காட்டைத் தாண்டிச் சாலைக்கு வர வேண்டும். ஒப்பந்தத்தை நிறுத்திக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, 500 வெள்ளி கட்டிவிட்டுப் போங்கள் என்று பதில் வந்திருக்கிறது.

"அக்கா, போன் சும்மான்னுதானே கொடுத்தாங்க. சும்மா கொடுத்ததுக்கு எதுக்குக்கா 500 வெள்ளி?"

நியாயமான கேள்வி. இதற்கு ஒப்பந்தத் தாளில் இருக்கும் பதில் ஒன்று, நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பதில் இன்னொன்று. இரண்டாவது பதில்தான் சுவையானது. ஏனென்றால் அந்தப் புத்தகத்தில் அவனுடைய கைப்பேசி ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. அதற்கு முதல் நாளே ஒரு விலை எழுதியாகிவிட்டது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. லயத்து வீடு சும்மா என்றுதான் நம் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலையை விட்டு நின்ற அன்றுதான், வீட்டைக் காலி செய் என்று கிராணி சொன்ன அன்றுதான், வீடு சம்பளத்தோடு சேர்ந்த ஒன்று என்பது புரிந்தது. இரண்டைச் சேர்த்துக் கொடுத்து ஒன்றுக்கு மட்டும் விலை சொன்னால் மற்றது சும்மா போலத்தான் தெரியும். கணக்கு எழுதுகிறவர் அப்படிப் பார்க்கக்கூடாது என்பதுதான் விதி.

அந்த விதிக்கு மலேசியாவில் எம்எஃப்ஆர்எஸ் 15 என்று பெயர். 2014-இல் வெளிவந்த அனைத்துலகத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 15-ஐ மலேசியக் கணக்கியல் தர வாரியம் ஏற்றுக்கொண்டு வெளியிட்டது. 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பங்குச் சந்தையில் இருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எல்லாம் இதன்படிதான் வருவாயை எழுத வேண்டும்.

தம்பியின் பில்லையே எடுத்துக்கொள்வோம். எண்களைக் கணக்குப் போட வசதியாகக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். பில்லின் அடியில் 6 விழுக்காடு சேவை வரி சேர்ந்து 106 வெள்ளி என்று இருந்தது. அந்த 6 வெள்ளியை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். அது அரசாங்கத்துக்காக வசூலித்துக் கட்டும் பணம், நிறுவனத்தின் விலையில் சேராது. ஆக மாதம் 100, மொத்தம் 24 மாதம், 2,400 வெள்ளி. தொடக்கத்தில் இணைப்புக் கட்டணம் என்று ஏதாவது வாங்கியிருந்தால் அதையும் இந்த மொத்தத்தோடு சேர்க்க வேண்டும். இணைப்பைத் திறந்துவிடுவது வாடிக்கையாளருக்குத் தனியாகக் கொடுத்த பொருளும் இல்லை, சேவையும் இல்லை. தம்பி விஷயத்தில் அப்படி எதுவும் வாங்கவில்லை.

அடுத்து, இந்த 2,400-க்கு என்னென்ன கொடுக்கிறார்கள்? ஒன்று கைப்பேசி. அது முதல் நாளே கைக்கு வந்துவிட்டது. இன்னொன்று 24 மாத சேவை. அது மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அந்தக் கைப்பேசியில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பேச முடியுமா? முடியும். அந்த சிம்மை வேறு கைப்பேசியில் போட முடியுமா? அதுவும் முடியும். அப்படியானால் இரண்டும் நிறுவனம் வாடிக்கையாளருக்கு நிறைவேற்ற வேண்டிய தனித்தனிக் கடமைகள்.

இப்போது ஒவ்வொன்றையும் தனியாக விற்றால் என்ன விலை என்று பார்க்க வேண்டும். அதே நிறுவனம் ஒப்பந்தம் இல்லாமல் வருகிறவருக்கு அந்தக் கைப்பேசியை 1,200 வெள்ளிக்கு விற்கிறது. அதே அளவு டேட்டாவும் அழைப்பும் உள்ள சிம்மை மட்டும் வாங்கினால் மாதம் 75, அதாவது 24 மாதத்துக்கு 1,800. தனித்தனியாக வாங்கியிருந்தால் 3,000 வெள்ளி ஆகியிருக்கும். சேர்த்து வாங்கியதால் 2,400. ஆக 600 வெள்ளி தள்ளுபடி.

சரி, இந்த 600 வெள்ளித் தள்ளுபடி எதன்மேல் விழுகிறது?

தெருவில் யாரைக் கேட்டாலும் கைப்பேசிமேல் என்றுதான் சொல்வார்கள். அப்படியென்றால் கைப்பேசி 600, சேவை 1,800 என்று பிரியும். சீக்கிரம் வருவாய் காட்ட ஆசைப்படுகிற ஒரு மேலாளர் வேறு மாதிரி சொல்லலாம்: கைப்பேசி முழு விலை 1,200, மிச்சம் 1,200 சேவைக்கு. முதல் நாளே 1,200 வெள்ளி விற்பனை என்று எழுதிவிடலாம். தரநிலை இரண்டையும் ஏற்பதில்லை. தள்ளுபடி எல்லாவற்றின்மேலும் அதனதன் தனி விலைக்கு ஏற்ற விகிதத்தில் விழ வேண்டும் என்கிறது. 3,000-க்கு 2,400 என்றால் 80 விழுக்காடு. கைப்பேசியின் 1,200-இல் 80 விழுக்காடு 960. சேவையின் 1,800-இல் 80 விழுக்காடு 1,440, அதாவது மாதம் 60 வெள்ளி.

தம்பி கையெழுத்துப் போட்டுக் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வெளியே போன அன்றே நிறுவனத்தின் புத்தகத்தில் 960 வெள்ளி விற்பனை ஏறிவிட்டது. அவன் அன்று ஒரு சென்கூடக் கொடுக்கவில்லை. அப்படியென்றால் அந்த 960 எங்கே போய் நிற்கிறது? அதற்கு ஒப்பந்தச் சொத்து என்று ஒரு தனிக் கணக்கு உண்டு. இது சாதாரணக் கடன் பாக்கி இல்லை. கடன் பாக்கி என்றால் தவணை நாள் வந்தால் போதும், போய்க் கேட்கலாம். இந்த 960-ஐ அப்படிக் கேட்க முடியாது. நிறுவனம் தொடர்ந்து 24 மாதம் சேவை கொடுத்தால்தான் பில் போட்டு அந்தப் பணத்தை வாங்க முடியும். அதனால்தான் தனிப் பெயர், அறிக்கையில் தனி இடம்.

அப்புறம் மாதா மாதம் 100 வெள்ளி பில் போகும்போது, அதில் 60 அந்த மாதத்தின் சேவை வருவாய். மிச்சம் 40 வருவாயே இல்லை. ஒப்பந்தச் சொத்திலிருந்து கழியும் தொகை அது, முதல் நாள் விற்ற கைப்பேசிக்கு வரும் வசூல். 24 மாதம், மாதம் 40 என்றால் 960. கணக்கு தீர்ந்தது. நான் பில்லின் ஓரத்தில் பென்சிலால் 60, 40 என்று எழுதிக் காட்டியதும் தம்பி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வரும் பில்லில் இந்தப் பிரிவு எங்கேயும் அச்சாகவில்லை.

2018-க்கு முன் பல நிறுவனங்கள் இப்படி எழுதவில்லை. கைப்பேசிக்கான வருவாய் என்று எழுதினால் அது கடையில் அன்று கையில் வாங்கிய பணத்தைத் தாண்டக்கூடாது என்பது பழைய வழக்கம். சும்மா கொடுத்திருந்தால் வருவாயும் சைபர். நிறுவனம் அந்தக் கைப்பேசியை 1,000 வெள்ளிக்கு வாங்கியிருந்தால், அந்த 1,000 முழுவதையும் வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவாக எழுதினார்கள். மாதம் வரும் 100 முழுவதும் சேவை வருவாய். இப்போதோ கைப்பேசி வருவாய் 960, அடக்கம் 1,000, கைப்பேசியில் நட்டம் வெறும் 40. இரண்டு வழியிலும் 24 மாத முடிவில் மொத்த வருவாய் 2,400-தான். காசு ஒரு சென்கூடக் கூடவில்லை, குறையவில்லை. எப்போது, எந்தப் பெயரில் எழுதுகிறோம் என்பது மட்டும் மாறியது.

மாற்றத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விரும்பவில்லை. எங்களிடம் வருகிறவர் சேவைக்காகத்தான் வருகிறார், கைப்பேசி ஒரு தூண்டில்தான் என்றார்கள். எத்தனை விதக் கைப்பேசி, எத்தனை விதத் திட்டம், ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி விகிதம் வைத்துக்கொண்டு எப்படி மாரடிப்பது என்றும் கேட்டார்கள். இரண்டாவது வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதற்காகவே, ஒரே மாதிரியான ஒப்பந்தங்களைத் தொகுப்பாகச் சேர்த்து ஒரே கணக்காகப் போடலாம் என்று தரநிலை இடம் கொடுக்கிறது, ஒவ்வொன்றாகப் போட்டாலும் முடிவு பெரிதாக மாறாது என்றால். முதல் வாதம் எடுபடவில்லை. தூண்டிலாக இருந்தாலும் வாடிக்கையாளர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அவர் கட்டும் 100 வெள்ளியில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் எவ்வளவு சேவை வருவாய் என்பதைத்தான் இந்தத் துறையைக் கவனிப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள். நம் கணக்கில் அது 100-இலிருந்து 60 ஆகிவிட்டது. வாடிக்கையாளர் அதே ஆள், பில் அதே பில், வசூல் அதே வசூல். பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் பக்கத்தில் வைத்து, விதி மாறியதைக் கவனிக்காமல் பார்த்தவருக்கு, நிறுவனம் தேய்ந்துவிட்டது போலத் தோன்றியிருக்கும்.

விகிதம் போடுவது எளிது. வகுக்கவும் பெருக்கவும் தெரிந்தால் போதும். வம்பெல்லாம் அந்த 1,200-இல் இருக்கிறது.

நம் பட்டணத்திலேயே அந்தக் கைப்பேசிக்கு இரண்டு விலை கேட்கலாம். தயாரிப்பாளர் அட்டையில் போட்ட விலை 1,200. பெரிய தெருவில் இருக்கும் கடையில் பேரம் பேசாமலேயே 1,050. நிறுவனத்தின் சொந்தக் கடையிலும் 1,200 என்றுதான் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த விலைக்கு அங்கே யாராவது தனியாக வாங்குகிறார்களா? தரநிலை கேட்பது இதைத்தான்: இதேபோன்ற சூழ்நிலையில், இதேபோன்ற வாடிக்கையாளருக்கு அந்த நிறுவனமே அதைத் தனியாக விற்கும்போது கண்ணுக்குத் தெரிகிற விலை எது? ஒட்டி வைத்த விலை அந்த விலையாக இருக்கலாம். ஆனால் ஒட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் அதை எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஒப்பந்தம் இல்லாமல் வருகிறவர்கள் எல்லாரும் பேசிக் குறைத்து 1,050-க்குத்தான் வாங்கிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தனி விலைகளின் மொத்தம் 2,850. கைப்பேசிக்கு வரும் பங்கு சுமார் 884 வெள்ளி, சேவைக்கு சுமார் 1,516, மாதம் 63 வெள்ளிக்குச் சற்று மேல். முதல் நாள் வருவாய் 960-க்கும் 884-க்கும் இடையே 76 வெள்ளி வித்தியாசம். ஒரு தம்பிக்கு 76 வெள்ளி என்றால் யாரும் தலைநிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அந்த ஆண்டில் 10,000 பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் அது 760,000 வெள்ளி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வர வேண்டிய வருவாய் இந்த ஆண்டுக்கு நகர்ந்துவிட்டது, அட்டையில் இருந்த ஒரு எண்ணால்.

வெளியிலிருந்து ஆண்டறிக்கை படிப்பவர் இதை எப்படி மோப்பம் பிடிப்பது? ஒப்பந்தச் சொத்து என்ற தொகையை இரண்டு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துப் பாருங்கள். கைப்பேசி விற்பனை ஓரளவே கூடி, ஒப்பந்தச் சொத்து மட்டும் அதைவிட வேகமாக வீங்கிக்கொண்டே போனால் ஒரு கேள்வி கேட்கலாம். தவணைக் காலம் நீண்டிருக்கலாம், விலை உயர்ந்த கைப்பேசிகள் அதிகம் போயிருக்கலாம், அல்லது தனி விலையைத் தாராளமாக எடுத்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் அறிக்கையிலேயே விளக்கம் இருக்க வேண்டும்.

கைப்பேசி விலை நிற்காது என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் புதிய மாடல் வந்து, பழையது 900-க்கு இறங்கிவிடும். தம்பியின் கணக்கை அப்போது திருத்த வேண்டுமா? வேண்டாம். தனி விலையை ஒப்பந்தம் தொடங்கும் நாளில் பார்ப்பதோடு சரி, பிறகு அது ஏறினாலும் இறங்கினாலும் பழைய ஒப்பந்தத்தைத் தொடக்கூடாது. ஆனால் அதே திட்டத்தில் அன்று புதிதாகச் சேரும் ஒருவருக்குப் புதிய விலைதான். அவருடைய கைப்பேசிக்கு 800, சேவைக்கு மாதம் 66 வெள்ளி 67 சென். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், ஒரே கைப்பேசி, ஒரே 100 வெள்ளி பில், ஆனால் புத்தகத்தில் வேறு வேறு பிரிவு. இதைப் பார்த்துத் தவறு என்று நினைத்து ஒன்றாக்கிவிட்ட ஒரு கணக்கரை எனக்குத் தெரியும். நான் ஈப்போவில் வேலை பழகிய காலத்துக் கதை, அது போகட்டும்.

தனி விலையே இல்லாவிட்டால்? கைப்பேசியோடு மட்டுமே கொடுக்கும் திட்டங்கள் உண்டு, சிம்மை மட்டும் வாங்க முடியாது. அப்போது மதிப்பிட வேண்டும். போட்டி நிறுவனத்தின் விலையைப் பார்த்துத் தன் நிலைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். அடக்கச் செலவோடு நியாயமான லாபத்தைச் சேர்க்கலாம். மூன்றாவதாக, தெரிந்த விலையைக் கழித்துவிட்டு மிச்சத்தை இதற்கு வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. ஆனால் அது ஆளுக்கு ஆள் விலை தாறுமாறாக மாறுகிற பொருளுக்கும், இன்னும் விலையே வைக்காத, தனியாக விற்றே பார்க்காத பொருளுக்கும் மட்டும். முன்னே சொன்ன மேலாளரின் 1,200-க்கு 1,200 பிரிவு இந்த மூன்றாவது வழிதான். கைப்பேசிக்கும் சிம்முக்கும் விலை தெரிந்திருக்கும்போது அந்தக் கதவு திறக்காது.

தள்ளுபடியை விகிதப்படி பரப்பாமல் ஒரு சில பொருள்மேல் மட்டும் வைக்கவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்குச் சான்று வேண்டும், வாய்ச்சொல் போதாது. நம் தெருக் கடையை வைத்துச் சொல்கிறேன். கைப்பேசி 700, உறை 30, கண்ணாடி ஒட்டுத்தாள் 20. மூன்றையும் தனித்தனியாகவும் விற்கிறார்கள். உறையையும் ஒட்டுத்தாளையும் சேர்த்துக் கேட்டால் வழக்கமாக 50-க்குப் பதில் 35 என்று கொடுத்துவிடுவார்கள். இப்போது ஒருவர் மூன்றையும் சேர்த்து 735-க்கு வாங்குகிறார். தள்ளுபடி 15 வெள்ளி. உறைக்கும் ஒட்டுத்தாளுக்கும் வழக்கமாகக் கொடுக்கும் அதே 15. ஆகவே கைப்பேசி முழு 700-ஆகவே நிற்கும், தள்ளுபடி மற்ற இரண்டின்மேல் விழும்: உறை 21, ஒட்டுத்தாள் 14. கவனித்தால், இதற்குக் குறைந்தது மூன்று பொருள் தேவைப்படுகிறது. இரண்டு பொருள் மட்டும் உள்ள தம்பியின் ஒப்பந்தத்தில் இந்த வாதத்துக்கு இடம் கிடைப்பது அரிது. கைப்பேசியில்தான் தள்ளுபடி என்ற தெருவின் நியாயம் அங்கேதான் தோற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். 960 வெள்ளிப் பொருளை இன்று கொடுத்துவிட்டு 24 மாதத்தில் வசூலிப்பது கடன் கொடுப்பது போலத்தானே? ஆமாம். ஓர் ஆண்டுக்குள் முடிந்தால் வட்டியைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று சலுகை இருக்கிறது. 24 மாதம் அதைத் தாண்டுகிறது. அந்த ஒப்பந்தத்துக்கு வட்டி ஒரு பெரிய பங்காக இருந்தால் அதைத் தனியாகப் பிரித்து வட்டி வருமானமாக எழுத வேண்டும். சிறிதாக இருந்தால் விட்டுவிடலாம். நான் மேலே போட்ட கணக்கில் விட்டிருக்கிறேன்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் தலைவலி, நமக்கென்ன என்று பக்கத்துக் கடை அண்ணன் ஒருவர் கேட்டார். அவர் கைப்பேசி விற்று, பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பெயருக்குப் பின்னால் செண்டிரியான் பெர்ஹாட் போட்ட சிறு நிறுவனம். அவருக்கு எம்எஃப்ஆர்எஸ் 15 இல்லை, தனியார் நிறுவனங்களுக்கான எம்பெர்ஸ் தரநிலை. அது இவ்வளவு விரிவாகப் பேசுவதில்லை. ஆனால் ஒரு விற்பனைக்குள் பிரித்துக் காணக்கூடிய பகுதிகள் இருந்தால் தனித்தனியாகப் பார் என்று அதுவும் சொல்கிறது. பொருளின் விலைக்குள் பின்னால் செய்யப்போகும் பழுது பார்ப்புக்கான தொகை அடங்கியிருந்தால் என்று எடுத்துக்காட்டே கொடுக்கிறது.

அண்ணன் ஒரு தீபாவளிக்கு ஒரு செட் போட்டார். 700 வெள்ளிக் கைப்பேசி, 50 வெள்ளிக்கு உறையும் ஒட்டுத்தாளும், அதோடு கீழே போட்டு உடைத்தாலும் ஓராண்டுக்குப் பழுது பார்த்துத் தரும் திட்டம். அந்தத் திட்டத்தைத் தனியாக 100 வெள்ளிக்கும் விற்கிறார். எல்லாம் சேர்ந்து 850, செட் விலை 765. நவம்பர் தொடக்கத்தில் 40 செட் போனது. 765-ஐ 40-ஆல் பெருக்கி, மொத்தத்தையும் விற்பனை என்று எழுதிக் கொண்டுவந்தார்.

765 என்பது 850-இல் 90 விழுக்காடு. கைப்பேசி 630, உறை வகை 45, பழுது பார்ப்பு 90. முதல் இரண்டும் அன்றே முடிந்த விற்பனை. பழுது பார்ப்பின் 90 மட்டும் 12 மாதத்துக்கு, மாதம் ஏழரை வெள்ளி. டிசம்பர் 31-இல் கணக்கு முடிக்கும்போது இரண்டு மாதம் போயிருக்கும், 15 வெள்ளி வருவாயாகும். ஒரு செட்டுக்கு 75, 40 செட்டுக்கு 3,000 வெள்ளி அடுத்த ஆண்டுக்குப் போக வேண்டும். "காசு கல்லாப்பெட்டியிலதானம்மா இருக்கு" என்றார். இருக்கிறதுதான். ஆனால் மார்ச் மாதம் யாராவது உடைந்த திரையைக் கொண்டுவந்து நீட்டும்போது திரைக்கும் கூலிக்கும் செலவு வரும், அதற்கு எதிராக எழுத வருவாயே இருக்காது. முந்தைய ஆண்டு அவர் கடைக் கணக்கில் தீபாவளி மாதம் கொழுத்து, அடுத்த அரையாண்டு இளைத்துக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எடுத்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். பொருளிலேயே குறை இருந்தால் சரிசெய்து தருவோம் என்ற சாதாரண உத்தரவாதத்தை இப்படி விலை பிரிக்க வேண்டியதில்லை, அது நல்ல பொருள் கொடுப்பதின் ஒரு பகுதி. அண்ணனுடைய திட்டமோ தனியாக விலைபோகும் சேவை.

தம்பியிடம் வருவோம். பத்து மாதம் கட்டிவிட்டான். மாதம் 40 வீதம் 400 கழிந்துவிட்டது, ஒப்பந்தச் சொத்தில் மிச்சம் 560. அவன் இன்று நின்றால் நிறுவனம் அந்த 560-ஐ இனி பில் போட்டு வாங்க முடியாது. கையில் வருவது 500. மீதி 60 அவர்களுக்கு நட்டம். அவனுடைய கேள்விக்குப் பதில் இதுதான். தண்டம் என்ற பெயரில் அவர்கள் கேட்பது, சும்மா கொடுத்ததாகச் சொன்ன கைப்பேசியின் பாக்கி விலைக்கு நெருங்கிய ஒரு தொகை. எல்லா ஒப்பந்தத்திலும் இப்படி நெருங்கி வராது. பாக்கி 100 இருக்கும்போதும் அதே 500 கேட்கும் தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

நிற்கலாமா, தொடரலாமா? அவன் தோட்டத்தில் லைன் கிடைக்கும் இன்னொரு நிறுவனம் சிம்முக்கு மட்டும் மாதம் 45 கேட்கிறது. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், தொடர்ந்தால் இன்னும் 14 மாதத்துக்கு 1,400. நின்றால் தண்டம் 500, புது சிம் 14 மாதத்துக்கு 630, மொத்தம் 1,130. மிச்சமாவது 270. அந்த 270 எங்கிருந்து வருகிறது என்று அவனையே போடச் சொன்னேன். சேவைக்கு 60 கட்டிய இடத்தில் 45 கட்டப் போகிறான், மாதம் 15 வீதம் 210. மீதி 60, நிறுவனம் கைப்பேசிக் கணக்கில் விட்டுக்கொடுக்கும் 60. சரியாக வந்தது. அவன் முகத்தில் பள்ளிக்கூடக் கணக்கு சரியாக வந்த மகிழ்ச்சி.

எழுந்து போகிறவன் கதவருகே நின்றான். பையிலிருந்து மடித்த இன்னொரு பில்லை எடுத்தான். அம்மாவுடையது. அதே திட்டம், அதே 100 வெள்ளி. ஒப்பந்தத் தேதியைப் பார்த்தேன். 24 மாதம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கைப்பேசிக்கான பங்கு எவ்வளவாக இருந்தாலும் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. மாதா மாதம் கழிக்க இனி புத்தகத்தில் எதுவும் இல்லை, 100 முழுவதும் சேவை வருவாயாகவே ஏறிக்கொண்டிருக்கும். அதே சேவையை அதே நிறுவனம் சிம்முக்கு மட்டும் 75-க்குக் கொடுக்கிறது. யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

"ஐந்து மாசம், 25 வெள்ளி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கினான். இங்கே லைன் நன்றாகக் கிடைக்கும். கீழே மளிகைக் கடை வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசுவது மாடி வரைக்கும் கேட்டது.